கண்காணிப்பு, மதிப்பீட்டுச் செலவின் விகிதம்: ஒரு கண்மாய்ச் சீரமைப்புத் திட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஒரு திட்டத்தின் மொத்த நிதியில் கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் எத்தனை விழுக்காடு ஒதுக்கலாம் என்ற கேள்வி, நிதி கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் இடையே ஆண்டுதோறும் எழுகிறது. கொடுப்போர் விகிதம் அதிகம் என்கின்றனர். பெறுவோர் வழக்கமான விகிதம்தான் என்கின்றனர். இரு தரப்பும் ஒரே எண்ணைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு வெவ்வேறு எண்களைப் பற்றிப் பேசுகின்றன. ஆகவே வரையறையிலிருந்து தொடங்குவோம்.

கண்காணிப்பு என்பது, திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, முன்கூட்டித் தேர்ந்த சில அளவுகளைக் குறித்த இடைவெளியில் தொடர்ந்து எடுத்து, அவற்றைக் கொண்டு திட்டத்தைத் திருத்துவதாகும். மதிப்பீடு என்பது, ஒரு குறிப்பிட்ட காலப்புள்ளியில் நின்று, விளைந்த மாற்றம் எவ்வளவு, அதில் திட்டத்தால் விளைந்தது எவ்வளவு என்று தீர்ப்பதாகும். முன்னதை நடத்துவோரே செய்யலாம், செய்யவும் வேண்டும். பின்னதில் வெளியாள் ஒருவரின் கை இருப்பது நன்று.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று உண்டு. பற்றுச்சீட்டுகளைச் சரிபார்த்தல், ஆண்டுத் தணிக்கை, நிதியளித்தவருக்குக் காலாண்டுச் செலவறிக்கை அனுப்புதல் ஆகியவை கணக்குக் கடமைகள். இவை பணம் எங்கே போயிற்று என்று காட்டும். மாற்றம் நிகழ்ந்ததா என்று காட்டமாட்டா. இவற்றையும் கண்காணிப்பில் சேர்த்து எழுதுவது பரவலான வழக்கம். அப்படிச் சேர்த்தபின் விகிதம் 8 விழுக்காடு எனத் தெரிந்தாலும், அளப்பதற்கென்று உண்மையில் இருப்பது 2 விழுக்காடாக இருக்கக்கூடும்.

நான்காவதாக, அளவை ஒன்றே ஆயினும் அது வேலைக்கே தேவைப்படும் இடங்கள் உண்டு. கண்மாயைத் தூர்வாருமுன் அதன் அடிமட்டங்களை அளந்தால்தான் எத்தனை கனமீட்டர் மண் எடுப்பது என்று கணக்கிட முடியும். அந்த அளவை மதிப்பீட்டுக்கு அடிநிலைத் தரவாகவும் பயன்படும். எனினும் அதன் செலவு வேலைத் தலைப்பிலேயே நிற்க வேண்டும் என்பது நம் கருத்து. மதிப்பீடே இல்லாவிட்டாலும் அந்தச் செலவு நிகழ்ந்திருக்குமா என்று கேட்பதே உரைகல். நிகழ்ந்திருக்கும் என்றால் அது மதிப்பீட்டுச் செலவன்று.

2. வழங்கிவரும் விகிதங்கள்

விகிதம் என்பது ஒரு பின்னம். அதன் தொகுதியில் எவை சேர்ந்துள்ளன, பகுதியில் எது நிற்கிறது என்ற இரண்டும் தெரியாமல் இரு விகிதங்களை ஒப்பிட முடியாது. வழக்கிலுள்ள சிலவற்றை இந்த நோக்கில் காண்போம்.

அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமையாக இருந்த யுஎஸ்எய்டு, 2011 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டுக் கொள்கையில், சராசரியாகக் குறைந்தது 3 விழுக்காட்டை வெளியார் மதிப்பீட்டுக்கு ஒதுக்குவதை இலக்காக வைத்தது. இதில் கண்காணிப்பு சேரவில்லை. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட கையேடு 3 முதல் 10 விழுக்காடு என்ற வழக்கைச் சுட்டுகிறது. இது இரண்டும் சேர்ந்தது. யுனிசெஃப் நிறுவனத்தின் 2018 மதிப்பீட்டுக் கொள்கை 1 விழுக்காட்டை இலக்காகக் கூறுகிறது. அதன் பகுதியில் நிற்பது ஒரு திட்டத்தின் நிதியன்று; அந்நிறுவனத்தின் ஒட்டுமொத்தத் திட்டச் செலவு. ஆக, இந்த 3, 10, 1 ஆகிய எண்களை ஒரே வரிசையில் எழுதிச் சராசரி காண்பதில் பொருளில்லை.

இந்திய நிலையில் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டங்களுக்கான பொது வழிகாட்டு நெறிகள் (2008) தெளிவான ஒரு சான்று. அவை நிர்வாகத்துக்கு 10, கண்காணிப்புக்கு 1, மதிப்பீட்டுக்கு 1 விழுக்காடு எனத் தனித்தனித் தலைப்புகளை வகுத்தன. தலைப்புகளைப் பிரித்தது பாராட்டத்தக்கது. ஆயின் விகிதத்தை எல்லா அளவுத் திட்டங்களுக்கும் ஒன்றாக வைத்ததன் விளைவைப் பார்க்க வேண்டும். சமவெளிப் பகுதிகளில் எக்டேருக்கு ரூ.12,000 என்ற அளவில், 5,000 எக்டேர் திட்டத்தின் நிதி ரூ.6 கோடி; மதிப்பீட்டுக்கு ரூ.6 லட்சம். 1,000 எக்டேர் திட்டத்தின் நிதி ரூ.1.2 கோடி, மதிப்பீட்டுக்கு ரூ.1.2 லட்சம். இந்தத் தொகை பல ஆண்டுத் திட்டம் முழுமைக்கும் உரியது. இரண்டிலும் கேட்கப்படும் கேள்விகள் ஒன்றே: நிலத்தடி நீர் உயர்ந்ததா, மண் அரிப்பு குறைந்ததா, இரண்டாம் போகம் கூடியதா. ஒரே கேள்விக்கு விடைகாண ஒருவருக்கு ஐந்து மடங்கு பணம் கிடைக்கிறது. சிறிய திட்டத்தில் மதிப்பீடு இரண்டு நாள் சுற்றுப்பயணமாகச் சுருங்குவதற்குக் காரணம் மதிப்பீட்டாளரின் சோம்பல் என்று நாம் கருதவில்லை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றிய விதிகளில் நேர்ந்த ஒரு திருத்தம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2021 ஜனவரியில் வந்த திருத்தப்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரிக் கடப்பாடு ரூ.10 கோடியோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், ரூ.1 கோடிக்குக் குறையாத ஒதுக்கீடு கொண்டு, முடிந்து ஓராண்டாவது ஆன திட்டங்களைத் தனி முகமை ஒன்றைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்விக்க வேண்டும். அச்செலவை அந்த ஆண்டின் மொத்தச் சமூகப் பொறுப்புச் செலவில் 5 விழுக்காடு அல்லது ரூ.50 லட்சம், இவற்றில் எது குறைவோ அதுவரை கணக்கில் காட்டலாம் என்பது முதல் விதி. 2022 செப்டம்பரில் அது, 2 விழுக்காடு அல்லது ரூ.50 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவரை என்று மாறியது. விகிதம் குறைந்தது, ஆனால் ‘குறைவு’ என்பது ‘அதிகம்’ ஆனதால், சிறிய செலவாளருக்கும் ரூ.50 லட்சம் வரை இடம் கிடைத்தது. அளப்பதற்கு ஓர் அடிப்படைத் தொகை தேவை, அது திட்டத்தின் பருமனோடு சேர்ந்து சுருங்காது என்ற உண்மையை இந்த மாற்றம் ஒப்புக்கொள்வதாகவே நாம் கொள்கிறோம். அந்த உண்மையின் காரணத்தை அடுத்து ஆராய்வோம்.

3. செலவின் இயல்பு: மூவகை

அளக்கும் செலவை மூன்றாகப் பகுக்கலாம். திட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் மாறாதது நிலைச்செலவு: வினாப்படிவம் வகுத்தல், குறியீடுகளை வரையறுத்தல், வெளி மதிப்பீட்டாளரின் அடிப்படை ஊதியம். குறிப்பிட்ட எல்லை வரை மாறாமல் நின்று, எல்லை தாண்டியதும் ஒரே தாவலாக உயர்வது படிச்செலவு: ஓர் அலுவலர் பதினெட்டு கண்மாய்களைப் பார்ப்பார், ஐம்பதைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். ஒவ்வோர் அலகுக்கும் கூடிக்கொண்டே செல்வது வளர்செலவு: அளவுகோல், நீர்மட்டம் குறிப்பவரின் மதிப்பூதியம், நேர்காணல்.

வளர்செலவுகூடத் திட்டத்தின் பருமனுக்கு நேர்விகிதமாக வளர்வதில்லை என்பதுதான் இங்கு முக்கியம். மக்கள்தொகை பத்து மடங்கானாலும், அதே நுண்மையோடு ஒரு விழுக்காட்டை அறியத் தேவைப்படும் மாதிரியின் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்கும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் சமையலறைகள் அறிந்ததே இது: பானை பெரிதானால் பதம் பார்க்கும் பருக்கைகள் பெருகுவதில்லை, சோறு நன்றாகக் கலந்திருக்கிறதா என்பதே கேள்வி. கலவாத சோற்றின் சிக்கலை ஐந்தாம் பிரிவில் காண்போம்.

4. எடுத்துக்காட்டுத் திட்டம்

இனி விளக்கத்துக்காக ஒரு திட்டத்தை அமைத்துக்கொள்வோம். இதிலுள்ள விலைகளும் விளக்கத்துக்காக நாம் கொண்டவை. வாசகர் தம் ஊர் விலைகளை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இராமநாதபுரம் போன்ற மானாவாரி மாவட்டம் ஒன்றில் 12 கண்மாய்கள். மூன்றாண்டுகள், ரூ.3 கோடி. தூர்வாருதல், மடை பழுதுபார்த்தல், கலுங்கு கட்டுதல், வரத்துக்கால் சீரமைத்தல், ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் அமைத்தல் ஆகியவை வேலைகள். முதலாண்டில் 4 கண்மாய்கள், அடுத்த ஈராண்டுகளில் 8. நோக்கம் ஒன்றே: நெற்பயிர் கடைசித் தண்ணீருக்குத் தவிக்காமல் அறுவடையாவது.

எதை அளப்பது? எடுத்த மண்ணின் கனமீட்டர் வேலையின் அளவு; அது பயனன்று. விளைச்சல் என்பது பயன். ஆனால் அதில் விதை, உரம், நோய் எல்லாம் கலந்துள்ளன. இரண்டுக்கும் நடுவே, திட்டத்தின் கை நேராகப் படும் ஓர் அளவு வேண்டும். அதை நாம் ‘மடைநீர் நாள்’ என்போம்: அக்டோபர் முதல் மார்ச் வரை, கண்மாயின் நீர்மட்டம் கீழ்மடையின் வாய்மட்டத்துக்கு மேல் நின்ற நாட்களின் எண்ணிக்கை. இதற்குத் தேவை, மடையருகே நட்ட ஓர் அளவுகோல். அதன் சுழி மடையின் வாய்மட்டத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். நாள்தோறும் காலையில் நீர்க்கட்டி அதைப் பார்த்து ஏட்டில் எழுதுவார். நீர்ப்பங்கீட்டை நெடுங்காலமாகக் கவனித்துவரும் அவரைவிடத் தகுதியானவர் வேறில்லை.

முன்னும் பின்னும் அளந்து கழித்தால் போதுமா என்றால், போதாது. தமிழகத்தில் 2015இன் வடகிழக்குப் பருவமழை வெள்ளமாகக் கொட்டியது. 2016இல் அதே பருவம் கடுமையாகப் பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2016இல் அடிநிலை ஆய்வு எடுத்த கண்மாய்த் திட்டம் எதுவும், ஒரு கூடை மண் எடுக்காமலே, நல்ல மழை பெய்த அடுத்த ஆண்டில் வெற்றி பெற்றதாகத் தோன்றும். 2015இல் எடுத்திருந்தால், நன்றாகச் செய்த வேலையும் அடுத்த ஆண்டில் தோல்வியாகத் தெரியும். மழையை விலக்கிப் பார்க்க, திட்டம் தொடாத ஒப்பீட்டுக் கண்மாய்கள் வேண்டும். 6 எனக் கொள்வோம். அவை அதே மழைப்பரப்பில் இருக்க வேண்டும். ஆனால் அதே கண்மாய்ச் சங்கிலியில் திட்டக் கண்மாய்க்குக் கீழே இருக்கக் கூடாது. மேல்கண்மாய் அதிக நீரைத் தேக்கினால் கலுங்கு வழியே கீழ்கண்மாய்க்குச் செல்லும் உபரி குறையும். அப்போது ஒப்பீட்டுக் கண்மாய் திட்டத்தாலேயே வறண்டு, திட்டத்தின் பயன் இருமடங்காகத் தோற்றமளிக்கும்.

இப்போது செலவு. 18 அளவுகோல்கள், ஒன்று ரூ.6,000 வீதம், ரூ.1,08,000. நான்கு மழைமானிகள் ரூ.20,000. தூர்வாரிய பின் 12 கண்மாய்களின் கொள்ளளவை மீண்டும் அளக்க ரூ.1,20,000, முன்அளவை வேலைத் தலைப்பில் நிற்கிறது. நீர்மட்டம் குறிப்போர் 18 பேருக்கு மாதம் ரூ.500 வீதம், பருவத்துக்கு ஆறு மாதமாக, மூன்று பருவங்களுக்கு ரூ.1,62,000. தரவுக்கான அலுவலர் ஒருவரின் அரைநேர ஊதியம் மாதம் ரூ.15,000 வீதம் 36 மாதங்களுக்கு ரூ.5,40,000. கண்காணிப்பு மொத்தம் ரூ.9,50,000.

மதிப்பீட்டுப் பக்கம், ஒரு கண்மாய்க்கு 12 குடும்பங்களாக 216 நேர்காணல்கள், இரு சுற்று, ஒன்று ரூ.450 வீதம், ரூ.1,94,400. இறுதியில் வெளி மதிப்பீட்டாளருக்கு ரூ.4,00,000. ஆண்டுதோறும் 12 ஊர்களிலும் முடிவுகளைச் சங்கத்தின் முன் வைக்கும் கூட்டங்களுக்கு ரூ.54,000. மொத்தம் ரூ.6,48,400.

இரண்டும் சேர்ந்து ரூ.15,98,400, அதாவது 5.3 விழுக்காடு. இந்த எண்ணை நாம் முதலில் தேர்ந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வியிலிருந்து அளவுக்கும், அளவிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து விலைக்கும் வந்தோம். விகிதம் கடைசியில் கிடைத்தது.

இதே திட்டம் ரூ.30 கோடியில் 120 கண்மாய்களுக்கு நடந்தால், எல்லாவற்றிலும் அளவுகோல் நட வேண்டியதில்லை. 30 திட்டக் கண்மாய்கள், 20 ஒப்பீட்டுக் கண்மாய்கள், முழுநேர அலுவலர் ஒருவர், உதவியாளர் ஒருவர், ரூ.10 லட்சத்துக்கு வெளி மதிப்பீடு என்று அமைத்து, மற்றவற்றை மேற்கண்ட விலைகளிலேயே கணக்கிட்டால், சுமார் ரூ.50 லட்சம் வரும், 1.7 விழுக்காடு. இது முந்தையதைவிட உறுதியான விடை தரும். விகிதமோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எதிர்த்திசையில், ரூ.30 லட்சத்துக்கு ஒரே கண்மாய் என்றால், ரூ.4 லட்சம் வெளி மதிப்பீடு மட்டுமே 13 விழுக்காட்டைத் தாண்டும். அத்தகைய சிறு திட்டத்துக்குத் தனி மதிப்பீடு கேட்பதே தவறு. அளவுகோலும் நீர்க்கட்டியின் ஏடும் அதற்குப் போதும். அருகருகே உள்ள பத்துச் சிறு திட்டங்களைச் சேர்த்து ஒரே மதிப்பீடாகச் செய்வது நிதியளிப்பவரின் பொறுப்பு.

5. நேர்காணல்களைக் கூட்டுவதால் வரும் மயக்கம்

நிதி சற்றுத் தாராளமாகக் கிடைத்தால், பலரும் உடனே நேர்காணல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றனர். கண்மாய்க்கு 12 குடும்பங்களுக்குப் பதிலாக 32 குடும்பங்கள் என்பது அறிக்கையில் அழகாகத் தோன்றும். அதனால் அறிவு எவ்வளவு கூடுகிறது?

ஒரே கண்மாயின் நீரைப் பகிரும் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தவை. கண்மாய் நிறைந்தால் ஏறத்தாழ எல்லோருக்கும் விளையும். வற்றினால் எல்லோருக்கும் சாவியாகும். இந்த ஒப்புமையைப் புள்ளியியலார் 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பர். அதைக் ‘கொத்துள் ஒப்புமை’ என்போம். ஒரு கொத்தில் m பேரைப் பேட்டி கண்டு, ஒப்புமை ρ ஆனால், மொத்த நேர்காணல்களை

1 + (m − 1) × ρ

என்பதால் வகுத்தால் கிடைப்பதே செயலுறு மாதிரி. அதாவது, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத எத்தனை பேரைக் கேட்டதற்கு இது சமம் என்ற எண். பாசனத்தில் இந்த ஒப்புமை உயர்வாகவே இருக்கும்; 0.3 எனக் கொள்வோம்.

12 கண்மாய்களில் 12 குடும்பங்கள் வீதம் 144 நேர்காணல்கள்: வகுக்கும் எண் 4.3, செயலுறு மாதிரி சுமார் 33. அதே கண்மாய்களில் 32 குடும்பங்கள் வீதம் 384 நேர்காணல்கள்: வகுக்கும் எண் 10.3; செயலுறு மாதிரி சுமார் 37. கூடுதலான 240 நேர்காணல்களுக்கு இரு சுற்றிலும் ரூ.2,16,000 செலவாகி, 33 என்பது 37 ஆகிறது. ஒப்பீட்டுக் கண்மாய்கள் ஆறிலும் 12 குடும்பங்கள் வீதம் கேட்க ஆகும் செலவு ரூ.64,800 மட்டுமே, அதனால் மழையின் பங்கைப் பிரிக்கும் வாய்ப்பே புதிதாகக் கிடைக்கிறது.

ஆகவே ஒரு மதிப்பீட்டுச் செலவை ஆராய்வோர் ‘எத்தனை குடும்பங்கள்’ என்று கேட்குமுன் ‘எத்தனை கண்மாய்கள்’ என்று கேட்க வேண்டும். ஒரு வரம்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். 12க்கு 6 என்ற ஒப்பீட்டால் பெரிய மாற்றத்தை மட்டுமே உறுதியாகக் காண முடியும். மடைநீர் நாட்களில் முப்பது நாள் வேறுபாடு தெளிவாகத் தெரியலாம். ஐந்து நாள் வேறுபாடு தெரியாது. திட்டத்தின் தாக்கத்தை இம்மி பிசகாமல் நிறுவுவோம் என்று இந்தப் பணத்துக்கு யாரும் வாக்களிக்கக் கூடாது.

6. செலவுக்கு நியாயம் காட்டும் முறை

‘பன்னாட்டு வழக்கு 5 முதல் 10 விழுக்காடு’ என்ற வாதம் வலுவற்றது. நிதியளிப்பவர் 3 விழுக்காடு வழக்கைச் சுட்டிக் குறைத்துவிட முடியும். இந்த அளவைக் கொண்டு எந்த முடிவு மாறக்கூடும், அந்த முடிவின் பின்னால் எவ்வளவு பணம் நிற்கிறது என்று காட்டுவதே நியாயம்.

நம் திட்டத்தில் அப்படி ஒரு முடிவு இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் வருகிறது. கண்மாய் நிறையாமைக்கு இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வண்டல் மேவிக் கொள்ளளவு குறைந்தது. மற்றது, வரத்துக்கால் தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ நீர் வராமற் போனது. முதற்காரணத்துக்குத் தூர்வாருதல் மருந்து. இரண்டாவதற்கு அது மருந்தாகாது. இருந்த சிறிது நீரும் ஆழ்ந்த பகுதியில் மடைக்குக் கீழே தங்கி, வயலுக்கு ஏறாமற் போகவும் கூடும். முதலாண்டில் தூர்வாரிய நான்கு கண்மாய்களின் ஏடுகளை மழைமானிக் குறிப்போடும் ஒப்பீட்டுக் கண்மாய்களோடும் வைத்துப் பார்த்தால், எது காரணம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நல்ல மழைக்குப் பின்னும் தூர்வாரிய கண்மாய்களில் மடைநீர் நாட்கள் கூடாவிட்டால், குறை வரத்துக்காலில் இருக்கிறது.

எஞ்சிய 8 கண்மாய்களில் தூர்வாருவதற்கு மட்டும் கண்மாய்க்கு ரூ.10 லட்சம் வீதம் ரூ.80 லட்சம் வைத்திருப்பதாகக் கொள்வோம். முதலாண்டுக் கண்காணிப்புச் செலவு, அளவுகோல், மழைமானி, ஒரு பருவ மதிப்பூதியம், ஓராண்டு அலுவலர் ஊதியம் எல்லாம் சேர்த்து ரூ.3,62,000. இது ரூ.80 லட்சத்தில் 4.5 விழுக்காடு. அதாவது, தூர்வாருதல் தவறான மருந்தாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து இருந்தால்கூட, முதலாண்டுக் கண்காணிப்பு தன் விலையை மீட்டுவிடும். தவறான இடத்தில் தூர்வாரியதும் முழுக்க வீணல்ல, பாதிப் பயன் உண்டு என்று கொண்டாலும், தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதாகவே உயரும். கண்மாய்களைக் கண்ட எந்தப் பொறியாளரும் வரத்துக்கால் கெட்டிருக்கும் வாய்ப்பை இதைவிடக் குறைவாகச் சொல்லமாட்டார்.

இந்த வாதத்தின் வலிமை, அது தோற்கவும் கூடியது என்பதில் இருக்கிறது. 12 கண்மாய்களின் வேலையும் ஒரே கோடையில், ஒரே ஒப்பந்தத்தில் முடிந்துவிடுமானால், மாற்றக்கூடிய முடிவு எதுவும் இல்லை. அப்போது முதலாண்டுக் கண்காணிப்புக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஆகவே செலவுக்கு நியாயம் தேடுமுன் திட்டத்தைப் படிகளாகப் பிரித்தோமா என்று பார்க்க வேண்டும். எந்த முடிவோடும் சேராத அளவுகளைச் செலவுப் பட்டியலிலிருந்து நாமே நீக்கிவிட வேண்டும். வினாப்படிவத்தில் வீட்டுக் கூரையின் வகை, கால்நடைகளின் எண்ணிக்கை, வானொலி உண்டா என்பவையெல்லாம் நுழைவது இந்த ஒழுங்கு இல்லாமையால்.

இறுதி மதிப்பீட்டின் நியாயம் வேறு வகைப்பட்டது. திட்டம் முடிந்தபின் அந்தத் திட்டத்தைத் திருத்த வழியில்லை. அதன் பயன், அடுத்த திட்டத்துக்கு நிதி கொடுப்பவருக்கு உரியது. எனவே அச்செலவின் ஒரு பகுதியை அவர் தனியே ஏற்க வேண்டும் என்று கேட்பது முறையானதே. அடுத்த திட்டம் எதுவும் இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னால், ரூ.4 லட்சத்தை ரூ.1 லட்சமாக்கிக் கொள்ளளவு அளவையையும் ஏடுகளையும் ஒருவர் சரிபார்ப்பதோடு நிறுத்தலாம்.

7. எந்தத் தலைப்பில் எழுதுவது

நியாயமான செலவும் தவறான தலைப்பில் எழுதப்பட்டால் வெட்டுப்படும். சமூகப் பொறுப்புச் செலவு விதிகள் நிர்வாக மேற்செலவை மொத்தச் செலவில் 5 விழுக்காட்டுக்குள் அடக்குகின்றன. ஆனால் அதே விதிகளின் வரையறை, ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வகுக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவை நிர்வாக மேற்செலவிலிருந்து விலக்கியுள்ளது. நம் தரவு அலுவலரின் ஊதியத்தைத் ‘தலைமையகப் பணியாளர்’ என்று எழுதினால் 5 விழுக்காட்டுக்குள் போட்டியிட வேண்டும். எந்தத் திட்டம், எத்தனை நாள் என்ற வருகைப் பதிவோடு திட்டத் தலைப்பில் எழுதினால் போட்டியில்லை. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு 2020 திருத்தச் சட்டம் நிர்வாகச் செலவின் உச்சத்தை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டதால், அங்கும் இந்தப் பாகுபாட்டைத் தணிக்கையாளரோடு தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

8. ஒதுக்கிய பணம் சிதைவதும் அதன் அறிகுறிகளும்

ஒதுக்கீடு சரியாக இருந்தும் அளவு கிடைக்காமற் போவது உண்டு. அதன் முதற்காரணம் காலம். ஒப்பந்தம் ஆடியில் கையெழுத்தாகி, முதல் தவணை கார்த்திகையில் வந்தால், அடிநிலைப் பருவம் போய்விட்டது. பின்னர், ‘முன்பு எப்படி இருந்தது’ என்று விவசாயிகளிடம் நினைவிலிருந்து கேட்டு அடிநிலையை நிரப்புவர். உதவி கிடைத்த பிறகு பழைய துன்பம் பெரிதாகத் தோன்றுவது மனித இயல்பு. அந்த எண்ணில் நம்பிக்கை வைக்க முடியாது. அறிகுறி எளியது: அடிநிலை அறிக்கையின் தேதி, முதல் மண் எடுத்த தேதிக்குப் பிந்தியதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது காரணம், ஏடு நிரப்புதல். மதிப்பூதியம் மூன்று மாதம் தாமதமானால் எவரும் நாள்தோறும் கரைக்கு நடக்கமாட்டார். மாதக் கடைசியில் ஒரே அமர்வில் முப்பது எண்களை எழுதுவார். மழையில்லாத தை மாதத்தில், மடை திறந்திருக்க, ஒரு வாரம் முழுக்க நீர்மட்டம் மாறாமல் இருப்பதாக ஏடு சொன்னால் அது பார்த்து எழுதியதன்று; ஆவியாதலும் பாசனமும் மட்டத்தை இறக்கியே தீரும். இதற்கு மருந்து கண்டிப்பன்று. ரூ.500 குறித்த நாளில் கையில் சேர வேண்டும். அலுவலர் மாதம் இருமுறை முன்னறிவிப்பின்றிச் சென்று தாமும் ஒரு மட்டம் குறித்து வர வேண்டும்.

மூன்றாவது காரணமே மிகப் பரவலானது. மூன்றாம் ஆண்டில் சிமெண்ட் விலையும் இயந்திர வாடகையும் ஏறும்போது, இன்னும் செலவாகாமல் கண்ணுக்குத் தெரிவது மதிப்பீட்டின் ரூ.4 லட்சம்தான். அது கலுங்குக்குப் போய்விடும். போனதில் யாருக்கும் தீய நோக்கமில்லை. கண்முன் நிற்கும் அரைகுறைக் கலுங்கை முடிக்காமல் விட்டு அறிக்கை எழுதச் சொல்வது கடினம். ஆகவே தலைப்புகளுக்கிடையே பணம் மாற்றும் பொது அனுமதியிலிருந்து இந்த ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே விலக்கி வைக்க வேண்டும்.

நிதியளிக்கும் குழுக்களில் அமர்வோரிடம் நாம் கேட்டுக்கொள்வது இது. நம் கண்மாய்த் திட்டம் போன்ற ஒன்று உங்கள் மேசைக்கு வரும்போது, 5.3 விழுக்காட்டை 3 ஆக்க முடியுமா என்று ஆராய்வதற்கு முன், அளவுகோல், மழைமானி, முதற்பருவ மதிப்பூதியம் ஆகிய மூன்றின் ரூ.1,82,000த்தை மட்டுமாவது தனித் தவணையாக ஆகஸ்டுக்குள் விடுவியுங்கள். அளவுகோலைக் கண்மாய் வறண்டிருக்கும்போதுதான் மடையின் வாய்மட்டத்துக்குச் சரியாக நட முடியும். அக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.